கார்டில் இரண்டு முறை கழிந்த காசும் பந்தயக் கணக்கில் ஏறாத காசும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைக்கு மின்சாரக் கட்டணம் கட்டவும் காகிதம் அச்செடுக்கவும் வருகிறவர்கள் பாதிப்பேர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். கோலாலம்பூரில் ஒரு வங்கியின் கார்டு புகார்ப் பிரிவில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதனால் கைப்பேசியை நீட்டி, "தம்பி, இதைக் கொஞ்சம் பாரு" என்பார்கள். பந்தயக் கணக்கில் கார்டு வழியாகப் போட்ட காசு பற்றித்தான் பாதிச் சந்தேகம். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன்.

"பேங்க்ல கழிஞ்சிருச்சு, கணக்குல மட்டும் ஏறல. காசு எங்கதான் போச்சு?"

பெரும்பாலும் எங்கும் போகவில்லை. நீங்கள் கார்டு எண்ணைத் தட்டிய நொடியில் நடப்பது காசு கைமாறுவது அல்ல, அனுமதி கேட்பது மட்டும்தான். பந்தய நிறுவனம் நேரடியாக உங்கள் வங்கியிடம் பேசுவதில்லை. நடுவில் ஒரு கட்டண நுழைவாயில் நிறுவனம், அதற்கு அப்பால் பந்தய நிறுவனத்தின் வங்கி, அப்புறம் விசா அல்லது மாஸ்டர்கார்டு, கடைசியில்தான் உங்கள் வங்கி. உங்கள் வங்கி "சரி" என்று சொல்லி அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கும். காசு உண்மையில் நகர்வது ஒன்று முதல் மூன்று வேலை நாள் கழித்து, பந்தய நிறுவனத்தின் வங்கி கணக்கு முடித்து அனுப்பும்போது.

அந்த "சரி" திரும்பிப் போகும் வழியில் அறுந்தால் இந்த நிலை வரும். உங்கள் வங்கி காசை ஒதுக்கிவிட்டது, பந்தயக் கணக்குக்கோ தகவலே போய்ச் சேரவில்லை. ஆகவே காசு இப்போது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: உங்கள் வங்கியில் ஒதுக்கலாக, நுழைவாயிலில் உரிமை கோரப்படாத வரவாக, அல்லது பந்தய நிறுவனத்திடம் பெயர் சேராத தொகையாக. எந்த இடம் என்று தெரிந்தால்தான் யாரிடம் கேட்பது என்று தெரியும்.

"ஆப்ல ஒரே தொகை ரெண்டு வரி காட்டுது. ரெண்டும் போயிருச்சா தம்பி?"

அந்த வரிகளுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். `Pending` என்றோ `Authorised` என்றோ இருந்தால் அது ஒதுக்கல், இன்னும் போகவில்லை. `Posted` என்று இருந்தாலோ, கணக்கு அறிக்கையில் தேதியோடு ஏறியிருந்தாலோ, போய்விட்டது. இந்த ஒரு சொல்லைப் பார்க்காமல் பதறி ஓடி வருகிறவர்கள்தான் அதிகம்.

சில வங்கிகளின் செயலியில் அந்தச் சொல்லே வராது. டெபிட் கார்டு என்றால் அங்கே இரண்டு இருப்புத் தொகைகள் இருக்கும்: `Current balance`, `Available balance`. முதலாவது கணக்கில் உள்ள முழுக்காசு, இரண்டாவது நீங்கள் எடுக்கக்கூடிய காசு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒதுக்கல். 150 வெள்ளி போட்டவருக்கு வித்தியாசம் 300 என்றால், இரண்டு ஒதுக்கலும் இன்னும் வங்கியிலேயே நிற்கின்றன. கிரெடிட் கார்டில் இதே போல் மிச்ச வரம்பு மட்டும் குறைந்திருக்கும், பாக்கித் தொகை ஏறியிருக்காது.

வெளிநாட்டுக் காசில் போட்டவர்களுக்கு ஒரு சிறு குழப்பம் வரும். ஒதுக்கலில் 212.40 என்றும், பிறகு ஏறும்போது 213.15 என்றும் காட்டும். அது இரண்டு பிடித்தம் இல்லை. மாற்று விகிதம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒரே பிடித்தம் இரண்டு முகம் காட்டுகிறது. பழைய வரி மறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

"அப்போ சும்மா இருந்தா தானா திரும்பிருமா? எத்தன நாளு?"

இரண்டாவது வரி வெறும் ஒதுக்கலாக இருந்து, அந்தப் பக்கம் யாரும் கணக்கு முடித்து அனுப்பவில்லை என்றால், தானாக விழுந்துவிடும். பெரும்பாலும் ஏழு நாளுக்குள், சில வங்கிகளில் அதற்கு மேலும் ஆகும். "காசு திரும்பியது" என்று தனி வரி வராது. ஒதுக்கல் வரி மறையும், எடுக்கக்கூடிய இருப்பு ஏறும், அவ்வளவுதான். வரவு வரி வரும் என்று காத்திருந்து, வந்ததையே கவனிக்காமல் விட்டவர்களும் உண்டு.

சம்பளக் காசு ஒதுக்கலில் மாட்டி, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழியில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். ஒதுக்கலை நீக்கும்படி பந்தய நிறுவனம் தன் பக்கத்திலிருந்து தலைகீழ் உத்தரவு அனுப்ப முடியும். அல்லது அந்த ஒதுக்கலுக்கு உங்கள் வங்கி தந்த அனுமதிக் குறியீட்டைக் குறிப்பிட்டு, "இந்தத் தொகையை நாங்கள் எடுக்கமாட்டோம்" என்று ஒரு கடிதம் தந்தால், அதை வைத்து உங்கள் வங்கி சீக்கிரமே விடுவிக்கும். கடிதம் இல்லாமல் வங்கிக் கிளையில் போய்ச் சத்தம் போடுவதில் பலன் இல்லை. நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன், அங்கே இருப்பவரின் கையில் அதிகாரம் இல்லை.

"நான் ஒரு தடவதானே அமுக்குனேன்? ஏன் ரெண்டு?"

நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் சிக்னல். செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்துகொண்டு காசு போடுகிறீர்கள். வங்கி, "நீங்கள்தானா?" என்று கேட்டு அதன் செயலிக்கு அறிவிப்பு அனுப்புகிறது. நீங்கள் பந்தயப் பக்கத்தை விட்டு வங்கிச் செயலிக்குப் போய் ஒப்புதல் தருகிறீர்கள். திரும்பி வரும்போது முதல் பக்கம் வெள்ளையாக நிற்கிறது. உண்மையில் முதல் ஒப்புதல் வங்கிக்குப் போய்விட்டது, அதன் பதில்தான் பக்கத்துக்கு வரவில்லை. பக்கத்தைப் புதுப்பிக்கிறீர்கள், அல்லது மறுபடி தொகையைப் போடுகிறீர்கள். வங்கிக்கு அது முழுக்கப் புதிய கோரிக்கை.

இன்னொரு காரணம் உங்கள் கையில் இல்லை. நுழைவாயில் நிறுவனம் பந்தய நிறுவனத்துக்கு அனுப்பும் "காசு வந்துவிட்டது" என்ற செய்தி தொலைந்துபோவது. அப்போது ஒரு தடவை அமுக்கினாலும் ஏறாது. பெரிய ஆட்ட நாளில், எல்லாரும் ஒரே நேரத்தில் காசு போடும்போது, இதை நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பக்கம் வெள்ளையானால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கையை எடுத்துவிட்டு முதலில் வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். அங்கே வரி இருந்தால் மறுபடி போடாதீர்கள். ஆட்டம் தொடங்கப் போகிறது என்ற அவசரத்தில் மூன்றாவது தடவை போட்டவர்கள் இருக்கிறார்கள்.

"முதல்ல யாருகிட்ட போறது, பேங்க்கா கம்பெனியா?"

ஒதுக்கலாக இருக்கும் வரை வங்கியால் புகார் பதிய முடியாது. இன்னும் நடக்காத கழிவுக்கு என்ன புகார்? ஆகவே முதல் இரண்டு மூன்று நாளில் பந்தய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதுங்கள். வாயால் பேசி முடிக்காமல், பிறகு காட்டக்கூடிய வகையில் மின்னஞ்சலாகவோ உரையாடல் பதிவாகவோ இருக்கட்டும்.

வரி `Posted` ஆகி, நிறுவனம் மறுத்தாலோ ஒரு வாரம் பத்து நாள் இழுத்தாலோ வங்கிக்குப் போகலாம். நிறுவனத்தைக் கேட்டுப் பார்த்த ஆதாரம் இருக்கிறதா என்று வங்கியும் கேட்கும். ஆனால் காத்திருந்து காத்திருந்து கணக்கு அறிக்கை வந்து வெகுநாள் ஆக விடாதீர்கள். அறிக்கைத் தேதியிலிருந்து 14 நாளுக்குள் தவறைச் சொல்ல வேண்டும் என்று பல வங்கிகளின் கார்டு விதியில் இருக்கிறது. உங்கள் கார்டின் விதியைப் பாருங்கள்.

"அவங்க என்ன கேப்பாங்க? எத எடுத்துக் காட்டணும்?"

நாள், நேரம், தொகை, கார்டின் கடைசி நாலு எண், பந்தயக் கணக்கின் பயனர் பெயர், வங்கி அறிக்கையில் அந்த வரி இருக்கும் ஸ்கிரீன்ஷாட், அதே நேரத்தில் பந்தயக் கணக்கின் வரவுப் பக்கத்தில் அது இல்லை என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட். இது போதும். கார்டின் முழு எண்ணையோ, பின்னால் இருக்கும் மூன்று எண்ணையோ, வங்கி அனுப்பும் ஒருமுறை எண்ணையோ யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் அதை நிறுவனம் என்று நம்பாதீர்கள்.

இதற்கு மேல் ஒரு விஷயம் இருக்கிறது, எல்லா இழுபறியையும் அதுதான் முடிக்கும். காசு கைமாறிய ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 23 இலக்கம் கொண்ட ஓர் எண் உண்டு, ஏ.ஆர்.என். என்பார்கள். திரையில் `ARN` என்று இருக்கும். அது உங்கள் செயலியில் பெரும்பாலும் தெரியாது. வங்கியின் கார்டு உதவி எண்ணில் அழைத்து, "இந்தத் தேதியின் இந்த வரிக்கு ஏ.ஆர்.என். கொடுங்கள்" என்று கேட்டால் தருவார்கள். வரி ஒதுக்கலாக இருக்கும்போது இந்த எண் பிறந்திருக்காது, அப்போது அனுமதிக் குறியீடு என்ற ஆறு எழுத்தைக் கேளுங்கள். இரண்டு கழிவுக்கும் இரண்டு தனி ஏ.ஆர்.என். இருந்தால், இரண்டு தனிக் கழிவு நடந்தது என்பதை நிறுவனம் மறுக்க முடியாது.

"இப்படிக் கேட்டு யாருக்காச்சும் காசு திரும்பி வந்திருக்கா?"

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் ஓர் அண்ணனுக்கு வந்தது. சனிக்கிழமை இரவு, தோட்டத்து வழியில் வண்டியை நிறுத்திவிட்டு 150 வெள்ளி போட்டார். ஒப்புதல் தந்தார், பக்கம் வெளுத்தது. மறுபடி போட்டார், இந்தத் தடவை ஏறியது. ஞாயிறு காலை வங்கியில் இரண்டு 150, இரண்டும் `Pending`. அவர் இருப்பு 712, எடுக்க முடிந்தது 412. "ஒன்று விழுந்துவிடும் அண்ணே, வியாழன் வரை பொறுங்கள்" என்றேன். நான் சொன்னது தவறிப் போனது. செவ்வாய் ஒன்று `Posted`, புதன்கிழமை மற்றதும் `Posted`.

நிறுவனத்துக்கு எழுதினோம். "எங்களிடம் ஒரே ஒரு வரவுதான் இருக்கிறது, உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்று பதில். வங்கியைக் கேட்டால், "கழிவு சரியாக நடந்திருக்கிறது, கடையைக் கேளுங்கள்". இந்தப் பந்து விளையாட்டில்தான் பாதிப்பேர் சோர்ந்து போகிறார்கள். அண்ணன் வங்கியை மறுபடி அழைத்து இரண்டு ஏ.ஆர்.என். வாங்கினார். நாங்கள் அனுப்பிய இரண்டாவது மின்னஞ்சல் இவ்வளவுதான்:

"பயனர் பெயர் இது. சனிக்கிழமை இரவு 9.12க்கும் 9.15க்கும் 150 வெள்ளி வீதம் இரண்டு கழிவு. இரண்டின் ஏ.ஆர்.என். கீழே. 9.15 வரவு கணக்கில் இருக்கிறது. 9.12 வரவு இல்லை. அதைக் கட்டணப் பிரிவில் தேடி, காசைக் கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள்."

மூன்று நாளில் பதில் வந்தது. 9.12 காசு நுழைவாயிலில் "வெற்றி" என்று பதிவாகி, பந்தயக் கணக்குக்குச் செய்தி போகாமல் கிடந்திருக்கிறது. கணக்கில் ஏற்றவா, கார்டுக்குத் திருப்பவா என்று கேட்டார்கள். கார்டுக்கு என்றார். ஆறு வேலை நாளில் 150 வந்தது. முதல் நாளிலிருந்து எண்ணினால் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவு. கவனித்தீர்களா, அவர் இரண்டு தடவை கழிந்ததாக நினைத்தது உண்மையில் "ஒன்று ஏறவில்லை" என்ற சிக்கல். எழுதும்போது எந்த நேரத்து வரவு இல்லை என்று சொன்னதால்தான் அந்தப் பக்கம் தேட முடிந்தது.

"ரெண்டு தடவ கழிஞ்சிச்சு, கணக்குலயும் ரெண்டு தடவ ஏறியிருக்கு. ஒன்ன திரும்பக் கேக்கலாமா?"

கேட்கலாம், ஆனால் இது வங்கிப் புகார் இல்லை. இரண்டு காசுக்கும் இரண்டு வரவு கிடைத்திருப்பதால் விதிப்படி தவறு எதுவும் நடக்கவில்லை. கூடுதலாக ஏறிய தொகையைத் தொடாமல் வைத்து, நிறுவனத்திடம் "தவறுதலாக இரண்டு தடவை போட்டுவிட்டேன், ஒன்றைத் திருப்பி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் விளையாடாத காசைத் திருப்பித் தரும்.

அதில் ஒரு வெள்ளி பந்தயம் கட்டினாலும் கதை மாறிவிடும். கணக்கில் ஏறிய காசைப் பயன்படுத்தியபின் கார்டு வழியாக மீட்கக் கேட்க விசாவிலும் மாஸ்டர்கார்டிலும் இடமில்லை. தோற்றதற்கு அப்புறம் "இரட்டைக் கழிவு" என்று புகார் எழுதி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிறுவனம் பந்தயப் பட்டியலைத் தேதி, நேரத்தோடு அனுப்பும், புகார் அங்கேயே முடியும்.

"'இத நான் செய்யல'ன்னு சொன்னா பேங்க் சீக்கிரமா குடுக்குமாமே?"

வேண்டாம். தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் கைப்பேசியின் செயலியில் ஒப்புதல் தந்த பதிவு வங்கியிடம் இருக்கிறது. பந்தய நிறுவனம் உங்கள் பயனர் பெயர், இணைய முகவரி, பழைய வரவுகள் எல்லாவற்றையும் அனுப்பும். பொய்ப் புகார் என்று பதிவானால், உண்மையாகவே ஒருநாள் யாராவது உங்கள் கார்டைத் திருடும்போது உங்கள் வார்த்தைக்கு மதிப்பு இருக்காது. அதோடு கார்டும் உடனே முடக்கப்பட்டு, மாற்றுக் கார்டு வரும் வரை கையில் எதுவும் இருக்காது.

உண்மையே உங்களுக்குப் போதுமான ஆயுதம். "இரண்டு தடவை கழிக்கப்பட்டது" என்பதற்கு விசாவில் தனிக் காரணக் குறியீடு உண்டு, 12.6.1. "காசு கொடுத்தேன், சேவை கிடைக்கவில்லை" என்பதற்கு 13.1. மாஸ்டர்கார்டில் இரட்டைக் கழிவு 4834இன் கீழ் வரும். குறியீட்டை நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் இரண்டில் எது உங்கள் நிலை என்று தெளிவாகச் சொன்னால் அந்தப் பக்கம் இருப்பவர் சரியான பெட்டியில் போடுவார். தவறான காரணத்தில் போட்டால் மறுக்கப்படும், அப்புறம் திருத்தக் காலம் இருக்காது.

"பேங்க்ல புகார் போட்டாச்சு. எவ்வளவு நாளு ஆகும்? கம்பெனி முடியாதுன்னா?"

இப்படிப்பட்ட புகாரை உங்கள் வங்கி அந்தப் பக்கத்து வங்கிக்கு அனுப்ப, கழிவு நடந்த தேதியிலிருந்து, காரணத்தைப் பொறுத்து, பொதுவாக 90 முதல் 120 நாள் வரை நேரம் உண்டு. அது வங்கிக்கு இருக்கும் காலம், உங்களுக்கு இல்லை. கடைசி நாட்களில் போனால் காகிதம் சேர்க்கவே நேரம் போய்விடும். அனுப்பியபின் நிறுவனம் பதில் தர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகலாம். நடுவில் வங்கி தற்காலிகமாகக் காசு வரவு வைத்தாலும் அதைச் செலவு செய்துவிடாதீர்கள், நிறுவனம் மறுத்துச் சான்று காட்டினால் திரும்ப எடுப்பார்கள்.

ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் காசு கேட்காதீர்கள். நிறுவனம் திருப்பி அனுப்பச் சம்மதித்த பிறகும் வங்கிப் புகார் ஓடினால், இரண்டு வழியிலும் வந்து, நிறுவனம் கணக்கைப் பூட்டிவிடும். நிறுவனம் சம்மதித்த அன்றே வங்கியை அழைத்துப் புகாரை நிறுத்துங்கள்.

வங்கியின் முடிவு உங்களுக்கு நியாயமாகப் படவில்லை என்றால், நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவை இருக்கிறது. திரையில் `FMOS` என்று தேடலாம். 2025 ஜனவரி 1 முதல் பழைய இரண்டு அமைப்புகள் ஒன்றாகி இப்படி இயங்குகிறது. கட்டணம் இல்லை. வங்கியின் இறுதிக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வங்கி பதிலே தராமல் இழுக்கிறது என்றால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் சொல்லலாம். ஒன்றை நினைவில் வையுங்கள்: இவர்கள் விசாரிப்பது உங்கள் வங்கி நடந்துகொண்ட விதத்தை. பந்தய நிறுவனத்தின் மேல் இவர்களுக்கு அதிகாரம் இல்லை.

"கிரெடிட் கார்டுல போட்டதுக்கு தனியா ஏதோ கட்டணம் புடிச்சிருக்கான். அது எதுக்கு?"

பந்தயத்துக்குக் கட்டும் காசுக்குக் கார்டு உலகத்தில் தனி வகை எண் உண்டு, 7995. பல வங்கிகள் அந்த எண்ணைப் பார்த்ததும் அதைக் கடையில் பொருள் வாங்கியதாக எடுத்துக்கொள்ளாமல், கார்டில் ரொக்கம் எடுத்ததாகவே கணக்கிடும். ரொக்கத்துக்கு முன்கட்டணம் உண்டு, வட்டியும் அன்றிலிருந்தே ஓடும், இருபது நாள் சலுகை எல்லாம் கிடையாது. உங்கள் கார்டின் கட்டண அட்டவணையில் ரொக்க முன்பணம் என்ற வரியைப் பாருங்கள்.

இரண்டு தடவை கழிந்தவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். கட்டணமும் இரண்டு தடவை ஏறியிருக்கும். 150 வெள்ளி திரும்பி வந்ததும் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் கட்டணமும் வட்டியும் தானாகத் திரும்பாது. அசல் தொகை திரும்பிய அறிக்கையைக் காட்டி, அதோடு ஒட்டிய கட்டணத்தையும் நீக்கக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் நீக்குவார்கள்.

"ஸ்டேட்மெண்ட்ல பந்தயத் தளம் பேரு இல்ல, ஏதோ துணிக்கடை பேரு வருது. இப்ப என்ன செய்றது?"

இது கஷ்டமான நிலை, மறைக்காமல் சொல்கிறேன். உரிமம் உள்ள நிறுவனம் பந்தய வகையில்தான் காசு வாங்கும். துணிக்கடை, மின்பொருள் கடை என்று வேறு பெயரில் வாங்குகிறது என்றால், வங்கி தடுக்கக்கூடாது என்பதற்காக மறைத்து வாங்குகிறார்கள். மலேசியாவில் 1953ஆம் ஆண்டின் பந்தயச் சட்டமும் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டமும் இப்போதும் நடைமுறையில் இருக்கின்றன. இங்கே உரிமம் இல்லாத தளத்தில் விளையாடுவது சட்டவிரோதம். சட்டவிரோதக் காரியத்துக்குக் கார்டைப் பயன்படுத்தக் கூடாது என்று உங்கள் கார்டு ஒப்பந்தத்திலும் இருக்கும், அப்படிச் செய்தால் வங்கி கார்டை ரத்து செய்யலாம்.

இந்த நிலையில் "துணி வரவில்லை" என்று வங்கியில் எழுதலாமா என்று ஒருவர் கேட்டார். எழுதக் கூடாது. முன்பு சொன்ன பொய்ப் புகாரின் இன்னொரு வடிவம்தான் அது. ஆனால் ஒரே தொகை இரண்டு தடவை `Posted` ஆகியிருந்தால், அது எந்தப் பெயரில் இருந்தாலும் இரட்டைக் கழிவுதான். அதை உள்ளபடியே சொல்லிப் புகார் தரலாம், கார்டு போகக்கூடும் என்று தெரிந்தே தர வேண்டும். ஏறாத காசைப் பொறுத்தவரை, அப்படிப்பட்ட தளத்திடமிருந்து மீட்ட ஆளை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். அந்தக் கார்டை முடக்கிப் புதுக் கார்டு வாங்குங்கள். எண் அவர்களிடம் இருக்கிறது.

"உதவிப் பிரிவுன்னு ஒருத்தரு வாட்ஸாப்ல வந்தாரு. திரும்ப அனுப்ப, முதல்ல 'சரிபார்ப்புக்கு' 200 கட்டச் சொல்றாரு. கட்டலாமா அண்ணே?"

கட்டாதீர்கள். கார்டுக்குத் திருப்பி அனுப்புவதற்கு வாடிக்கையாளர் ஒரு காசும் கட்ட வேண்டிய வேலை கிடையாது. கழிந்த அதே வழியில் அதே கார்டுக்கு அது திரும்பும். வங்கிக் கணக்கு எண், வேறு ஒருவர் பெயரில் உள்ள கணக்குக்கு மாற்றம், ஒருமுறை எண், கைப்பேசியில் ஏற்றச் சொல்லும் செயலிக் கோப்பு, இவற்றில் எது வந்தாலும் அது மோசடி. உங்கள் புலம்பலைப் பொதுவில் எழுதியிருந்தீர்கள் என்றால், அதைப் பார்த்துத்தான் வந்திருப்பார்கள்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? இதைப் படித்து முடிக்க வேண்டாம், இப்போதே 997 எண்ணை அழையுங்கள், அது தேசிய மோசடி எதிர்ப்பு மையம். கூடவே உங்கள் வங்கியின் அவசர எண்ணையும். காசு அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் உண்டு, அதற்கு மணிக்கணக்குதான் நேரம். அப்புறம் காவல் நிலையத்தில் புகார் எழுதி, எண்ணை வங்கிக்குத் தாருங்கள்.

"எம்பையன் என் கார்டப் போட்டு விளையாடியிருக்கான். ரெண்டு தடவ கழிஞ்சிருக்கு. எனக்கு ஒண்ணுமே தெரியாது, ஐயா."

ஒரு அம்மா அழுதுகொண்டே கேட்டது இது. இரட்டைக் கழிவு என்பது யார் தட்டினாலும் இரட்டைக் கழிவுதான், அந்தப் பாதியை மேலே சொன்ன வழியிலேயே மீட்கலாம். பந்தயக் கணக்கு மகன் பெயரிலும் கார்டு உங்கள் பெயரிலும் இருப்பதால் நிறுவனம் அடையாள அட்டை கேட்கும். பல நிறுவனங்கள் மற்றவர் கார்டை ஏற்பதே இல்லை, அந்தக் காரணத்தைச் சொல்லியே கார்டுக்குத் திருப்பக் கேட்கலாம்.

முதல் கழிவை "நான் செய்யவில்லை" என்று எழுதலாமா என்றால், ஒருமுறை எண்ணைப் படித்துச் சொன்னது நீங்களா, அல்லது கைப்பேசியே அவன் கையில் இருந்ததா என்று வங்கி கேட்கும். எண்ணை நீங்கள் கொடுத்திருந்தால் வங்கி அதை உங்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்ளும். அவன் தெரியாமல் எடுத்தான் என்றால் புகாரில் மகன் பெயரை எழுத வேண்டிவரும், காவல் புகாரும் கேட்பார்கள். அந்த அம்மா அன்று எழுதவில்லை. இரட்டைக் கழிவை மட்டும் கேட்டு வாங்கினார். வங்கிச் செயலியில் இணையக் கட்டண வரம்பைச் சுழியமாக்கி, ஒப்புதல் அறிவிப்பு தன் கைப்பேசிக்கு மட்டும் வரும்படி கடையிலேயே மாற்றிக்கொண்டு போனார்.